மரண அறிவித்தலும் வங்கிக் கடிதமும்: ‘இறந்தார்’ எங்கே, ‘இறைவனடி சேர்ந்தார்’ எங்கே

செத்தவீட்டில் எழுத்து வேலை எப்போதும் ஒருவர் தலையில்தான் விழும். ‘உனக்குத் தமிழ் நல்லா வரும், நீ எழுது’ என்று யாரோ ஒரு பெறாமகனின் கையிலோ மருமகளின் கையிலோ கொப்பியும் பேனையும் வந்து சேரும். பந்தல் போட்டு முடியுமுன்பே பத்திரிகைக்கு மரண அறிவித்தல் போக வேண்டும். லண்டனிலும் ரொறன்ரோவிலும் இருப்பவர்களுக்கு ஆங்கிலத்தில் மின்னஞ்சல் போக வேண்டும். எட்டுச்செலவு முடிந்த கையோடு ஓய்வூதியப் பகுதிக்கும் வங்கிக்கும் கடிதம் எழுத வேண்டும். சொல்ல வேண்டிய செய்தி ஒன்றுதான். ஆனால் ஒரே வினைச்சொல்லை எல்லா இடத்திலும் போட்டால் எங்கோ ஓரிடத்தில் பிழைத்துவிடும்.

முதன்முதலாக இந்த வேலையை ஏற்பவருக்காகவே இந்தக் குறிப்பு. ஒரு மாதிரி வீட்டை வைத்துக்கொண்டு போவோம். கோண்டாவிலைச் சேர்ந்த, 78 வயதான, ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர். சைவக் குடும்பம். 2024 மார்ச் 13 அதிகாலை 1.40 மணிக்கு யாழ். போதனா வைத்தியசாலையில் உயிர் பிரிந்தது. மனைவி இருக்கிறார், ஒரு மகன் கனடாவில், ஒரு மகள் ஊரில்.

சொற்களின் எடை

எழுதத் தொடங்கும் பலருக்கு ‘இறந்தார்’ என்று எழுதக் கை கூசும். அது மரியாதைக் குறைவு என்று நினைப்பார்கள். அது சரியல்ல. தமிழில் மரியாதை குறைவது ‘செத்தார்’ என்பதில்தான், அதுவும் எழுத்தில்தான். பேச்சில் ‘செத்தவீடு’ என்று யாழ்ப்பாணத்தில் எல்லோரும் கூசாமல் சொல்கிறோம். ‘இறந்தார்’ என்பது ஒருகாலத்தில் மென்மையான சொல்லாகவே இருந்தது. இறத்தல் என்றால் கடத்தல். இறந்தகாலம் என்கிறோமே, அதே வேர்தான். பயன்பட்டுப் பயன்பட்டு இன்று அது நேர்ச்சொல் ஆகிவிட்டது. ‘ஆர்’ என்ற விகுதி இருக்கும்வரை அதில் மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை.

மெல்லிய சொல்லைத் தேடுவதும் நமக்குப் புதிதல்ல. பள்ளிக்கூடத்தில் நன்னூலின் தகுதி வழக்கு படித்தவர்களுக்கு மூன்று பெயர்கள் நினைவிருக்கும்: இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி. இதில் மங்கலத்துக்குச் சொல்லித்தரும் எடுத்துக்காட்டே செத்தாரைத் ‘துஞ்சினார்’ என்பதும், சுடுகாட்டை ‘நன்காடு’ என்பதும்தான். ஆகவே இரண்டு வகைச் சொல்லும் முறையானவையே. எதை எந்தத் தாளில் எழுதுவது என்பதுதான் கேள்வி.

அதற்கு ஒரு சோதனை போதும். இந்தத் தாளை வாசிப்பவர் வாசித்து முடித்ததும் என்ன செய்யப்போகிறார்? ஒரு கோவையை மூடப்போகிறாரா, ஒரு கணக்கை நிறுத்தப்போகிறாரா, ஒரு காணியின் உரித்தை மாற்றப்போகிறாரா? அப்படியானால் நேர்ச்சொல். துக்கம் விசாரிக்க வரப்போகிறாரா? அப்படியானால் குடும்பத்தின் சமயமும் விருப்பமும் சொல்கிற சொல்.

முதலில் ஒரு வெற்றுத்தாள்

அறிவித்தலையும் கடிதத்தையும் தொடுமுன் ஒரு தாளில் செய்தியை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள், அலங்காரம் எதுவுமின்றி. அடையாள அட்டையில் உள்ளபடி முழுப்பெயர், அதன் ஆங்கில எழுத்துக்கூட்டு, இறந்த திகதி, கிழமை, நேரம், இடம், நெருங்கிய உறவுகளில் இன்று இருப்பவர் யார், இல்லாதவர் யார். இந்தத் தாளில் ‘இறந்தார்’ என்ற ஒரு சொல்லுக்கு மட்டுமே இடம். பிறகு எழுதும் எல்லாவற்றுக்கும் இதுவே மூலம். மென்மையான சொற்களோடு தொடங்கியவர்கள் பெரும்பாலும் திகதியைத் தவறவிடுவார்கள். சொல்லைத் தேடுவதிலேயே கவனம் போய்விடும்.

நம் மாதிரி வீட்டில் திகதியே முதல் இடறல். அதிகாலை 1.40. வீட்டில் எல்லோரும் ‘செவ்வாய் இராத்திரி’ என்றே சொல்வார்கள், ஏனென்றால் நம் வழக்கில் விடிந்தால்தான் அடுத்த நாள். ஆனால் வைத்தியசாலைப் பதிவிலும் இறப்புச் சான்றிதழிலும் புதன், 13ஆம் திகதி என்றே இருக்கும். அறிவித்தலில் ‘12-03-2024 செவ்வாய்க்கிழமை’ என்று போட்டுவிட்டால், கனடாவில் மகன் துக்க விடுப்புக்காக அந்த அறிவித்தலையும் சான்றிதழையும் சேர்த்துக் கொடுக்கும்போது இரண்டு திகதிகள் நிற்கும். எழுத்தில் எங்கும் புதன் என்றே போடுங்கள். திதி கணிக்கும் ஐயரிடம் மட்டும் கிழமையைச் சொல்லிவிட்டு வராமல், ‘புதன் விடியப்புறம் 1.40’ என்று நேரத்தோடு சொல்லுங்கள். ஆண்டுத்திவசம் அந்த நேரத்துத் திதியில்தான் நிற்கும்.

ஓய்வூதியப் பகுதிக்கான தமிழ்க் கடிதம்

பிரதேச செயலகத்துக்குப் போகும் கடிதம் இது. இதில் ‘சிவபதமடைந்தார்’ என்று எழுதுவதால் யாரும் கோபிக்கப்போவதில்லை. ஆனால் அதே கடிதம் பிறகு சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ வேலை செய்யும் இன்னொரு மேசைக்குப் போகலாம். மொழிபெயர்ப்பவர் சொல்லுக்குச் சொல் எழுதினால், ‘சிவனின் பாதத்தை அடைந்தார்’ என்றுதான் வரும். ஒருவர் தலயாத்திரை போனார் என்று வாசிப்பதற்கும் அதில் இடமிருக்கிறது. கடிதத்தின் தலைப்பில் ஓய்வூதிய இலக்கத்தைப் போட்டு, இரண்டே வாக்கியத்தில் முடிக்கலாம்:

‘மேற்படி இலக்கமுடைய ஓய்வூதியரான எனது தந்தையார் 2024 மார்ச் 13, புதன்கிழமை அதிகாலை 1.40 மணிக்கு யாழ். போதனா வைத்தியசாலையில் இறந்தார் என்பதை அறியத்தருகிறேன். இறப்புச் சான்றிதழின் உறுதிப்படுத்திய பிரதி இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது.’

‘தந்தையார்’, ‘இறந்தார்’ என்ற இரண்டு ‘ஆர்’ விகுதிகளே இங்கே போதுமான மரியாதை. ‘காலமானார்’ என்று எழுதினாலும் பிழையில்லை. அதற்கு வேறு பொருள் கொள்ள முடியாது. ‘மறைந்தார்’ என்பதை மட்டும் அலுவலகக் கடிதத்தில் தவிர்த்துவிடுங்கள். காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

நொத்தாரிசுக்குக் கொடுக்கும் குறிப்பும் இதே மாதிரிதான். தேசவழமைச் சட்டப்படி, மணவாழ்வில் தேடிய சொத்தான தேடியதேட்டம் பிரியும்போது கணவன், மனைவி இருவரில் யார் முதலில் இறந்தார், எந்தத் திகதியில் என்பதில்தான் பங்கே நிற்கிறது. அங்கே ‘அம்மாவும் அப்பாவும் அடுத்தடுத்து அமரத்துவம் எய்தினர்’ என்று எழுதிக்கொடுத்தால் நொத்தாரிசு திரும்பக் கேட்பார். கேட்காமல் உறுதியை எழுதிவிட்டால் அது இன்னும் மோசம்.

மரண அறிவித்தல்

மென்மையான சொல்லுக்கு உரிய இடம் இதுதான். ஆனால் இங்கேதான் பிழைகளும் அதிகம், ஏனென்றால் ஒவ்வொரு சொல்லும் ஒரு சமயத்தைச் சொல்லிவிடுகிறது. ‘சிவபதமடைந்தார்’ சைவருக்கு. ‘இறைவனடி சேர்ந்தார்’ என்பதும் பெரும்பாலும் சைவ வீடுகளின் வழக்கு. கத்தோலிக்க வீட்டில் ‘இறைபதம் அடைந்தார்’ என்றும், புரட்டஸ்தாந்து வீட்டில் ‘கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்’ என்றும் எழுதுவார்கள். முஸ்லிம் வீட்டில் ‘வபாத்தானார்’. கடவுள் நம்பிக்கையைத் தள்ளி வாழ்ந்த ஒருவருக்கு ‘இயற்கை எய்தினார்’ பொருந்தும். எதுவும் தெரியவில்லை, கேட்கவும் ஆளில்லை என்றால் ‘காலமானார்’. அது எந்தச் சமயத்தையும் தொடாது, எந்த வயதுக்கும் பொருந்தும். என்னைக் கேட்டால் புதிதாக எழுதுபவர் முதல் பத்து அறிவித்தலையும் ‘காலமானார்’ என்றே எழுதிப் பழகலாம்.

சமயத்துக்கு ஏற்ற வினையைத் தெரிந்துவிட்டால் அதன் பின்னால் வரும் சொற்களும் அதே குடும்பத்தில் இருக்க வேண்டும். சைவருக்கு இறுதிக்கிரியை, தகனம், மயானம். கத்தோலிக்கருக்குத் திருப்பலி, நல்லடக்கம், சேமக்காலை. முஸ்லிம்களுக்கு ஜனாஸா, நல்லடக்கம், மையவாடி. பழைய அறிவித்தல் ஒன்றைப் பிரதி எடுத்துப் பெயரை மட்டும் மாற்றும்போது, மேலே ‘இறைபதம் அடைந்தார்’, கீழே ‘தகனக்கிரியைக்காக’ என்று கலந்துவிடும். கடைசி வரியிலிருந்து மேல்நோக்கி ஒருமுறை வாசித்தால் இது உடனே கண்ணில் படும்.

பெயருக்கு முன்னால் வரும் அடைமொழிக்கும் இதே கதைதான். ‘அமரர்’ என்றால் தேவர். சைவ வீடுகளில் இயல்பாக வரும். முஸ்லிம் பெயருக்கு முன்னால் அது வராது, அங்கே ‘மர்ஹூம்’. ‘காலஞ்சென்ற’ என்பது எல்லோருக்கும் பொது. ‘அமரர் திரு. காலஞ்சென்ற’ என்று மூன்றையும் அடுக்கியும் சிலர் எழுதுகிறார்கள். ஒன்று போதும்.

இனி, அறிவித்தல் எழுதுபவரை மிகவும் வதைக்கும் இடம்: உறவுப் பட்டியல். ‘அன்னார், காலஞ்சென்ற…’ என்று தொடங்கும் அந்த நீண்ட வாக்கியம். அதில் ஓர் ஒருமை பன்மைக்குள் ஒருவரின் உயிரே தங்கியிருக்கிறது. மாதிரிக்கு இரண்டு பெயரை வைத்துப் பாருங்கள்.

‘காலஞ்சென்ற கந்தையா, சின்னம்மா தம்பதிகளின் அன்பு மகனும்’ என்று எழுதினால், வழக்கப்படி கந்தையா இல்லை, சின்னம்மா இருக்கிறார். இருவருமே இல்லையென்றால் ‘காலஞ்சென்றவர்களான கந்தையா, சின்னம்மா தம்பதிகளின்’ என்று வர வேண்டும். தாய் மட்டும் இல்லையென்றால் ‘கந்தையா, காலஞ்சென்ற சின்னம்மா தம்பதிகளின்’. சகோதரர் பட்டியலில் இது இன்னும் சிக்கலாகும். ‘காலஞ்சென்றவர்களான இராசம்மா, செல்லத்துரை, பரமேஸ்வரி, யோகம்மா ஆகியோரின் அன்புச் சகோதரரும்’ என்றால் நால்வரும் இல்லை என்றாகிவிடும். பரமேஸ்வரியும் யோகம்மாவும் இருக்கிறார்கள் என்றால், இல்லாதவர்களை முதலில் சேர்த்து எழுதி அங்கே ஒரு ‘மற்றும்’ போட வேண்டும்: ‘காலஞ்சென்றவர்களான இராசம்மா, செல்லத்துரை மற்றும் பரமேஸ்வரி, யோகம்மா ஆகியோரின்’. வயது வரிசை குலையும் என்று வீட்டில் யாராவது சொல்வார்கள். குலையட்டும். உயிரோடு இருப்பவரை ‘காலஞ்சென்ற’ பட்டியலில் சேர்த்துவிட்டால் மறுநாள் காலை அவர் வீட்டுக்கு ஆட்கள் தொலைபேசி எடுக்கத் தொடங்கிவிடுவார்கள்.

வெற்றுத்தாளில் ‘இருப்பவர், இல்லாதவர்’ என்று முன்பே பிரித்து எழுதச் சொன்னது இதற்காகத்தான். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் ஒரு சிறு புள்ளடி. அதை வைத்துக்கொண்டு வீட்டின் மூத்தவர் ஒருவரிடம் பெயர்களை வாய்விட்டு வாசித்துக் காட்டுங்கள். வெளிநாட்டில் இருக்கும் மச்சாள்மாரில் யார் இருக்கிறார், யார் இல்லை என்பது இளையவர்களுக்குத் தெரியாது.

எப்படி இறந்தார் என்பதை மரண அறிவித்தல் சொல்லத் தேவையில்லை. ஆனால் செய்தியாக எழுதும்போது வினை மாறும். ‘காலமானார்’ என்பது வயது போய், அல்லது நோயில் நடந்த மரணத்தைத்தான் நினைவூட்டும். விபத்தென்றால் ‘உயிரிழந்தார்’ அல்லது நம் பத்திரிகைகளில் வழங்கும் ‘சாவடைந்தார்’. ஒருவர் இன்னொருவரைக் கொன்றிருந்தால் ‘கொல்லப்பட்டார்’ என்றே எழுத வேண்டும். அங்கே ‘உயிரிழந்தார்’ என்று மென்மையாக்கினால் செய்தவர் வாக்கியத்திலிருந்து காணாமற்போய்விடுவார். தலைப்புகளில் வரும் ‘பலி’ என்ற சொல் சின்னதாக இருப்பதால் மட்டும் பிழைத்திருக்கிறது. பலி என்பது காணிக்கை. வீதி விபத்துக்கு அது ஏன்?

தற்கொலையைச் சொல்ல ‘தவறான முடிவெடுத்து’ என்ற தொடர் நம் ஊடகங்களில் ஊறிவிட்டது. மென்மையாகத் தோன்றினாலும் அது மென்மையானதல்ல. நடந்ததைச் சொல்லாமல் மறைத்துவிட்டு, இறந்தவர் மேல் குற்றத்தை மட்டும் ஏற்றுகிறது. செய்தியில் சொல்லியே ஆக வேண்டுமென்றால் ‘தற்கொலையால் இறந்தார்’ என்பது நேரானது. எந்த வழியில் என்று எழுத வேண்டியதில்லை. குடும்பம் கொடுக்கும் அறிவித்தலில் ‘காலமானார்’ என்பதற்கு மேல் ஒரு சொல்லும் தேவையில்லை.

ஆங்கிலத்துக்குப் போகும்போது

நம்மவர்கள் ஆங்கிலத்தில் எழுதும்போது நேர்ச்சொல்லான ‘டைட்’ என்பதைக் கண்டு ஓடுவார்கள். மனத்துக்குள் அதைச் ‘செத்தான்’ என்று மொழிபெயர்த்துக்கொள்வதுதான் காரணம். ஆனால் ஆங்கில வினையில் ஆன், ஆர் என்ற வேறுபாடே இல்லை. அரசிக்கும் அதே சொல்தான், அயலவருக்கும் அதே சொல்தான். மரியாதையை ஆங்கிலம் வினைக்கு வெளியே, பெயருக்கு முன்னால் வரும் பட்டத்திலும் அனுதாப வாக்கியத்திலும் வைத்திருக்கிறது. ஆகவே ‘டைட்’ என்பதன் சரியான இணை ‘இறந்தார்’. அமெரிக்காவின் ஏபி செய்தி நிறுவனத்தின் நடைக் கையேடு, நேர்மேற்கோளில் தவிர ‘பாஸ்ட் அவே’ போன்ற மென்சொற்களை எழுத வேண்டாம் என்றே சொல்கிறது.

வங்கிக்கு எழுதும் ஆங்கிலக் கடிதத்தைப் பார்ப்போம். தலைப்பில் கணக்கு வைத்திருந்தவரின் மரணம் என்பதும், பெயரும், கணக்கு இலக்கமும். முதல் வாக்கியத்தில் ‘மை ஃபாதர்’, முழுப்பெயர், ‘டைட் ஒன்’, திகதி. அவ்வளவுதான். திகதியில் மாதத்தை எழுத்தில் எழுதுங்கள். மார்ச் 13இல் குழப்பம் வராது, 13ஆவது மாதம் இல்லை. ஆனால் 03-04-2024 என்று எழுதினால் நமக்கு ஏப்ரல் 3, அமெரிக்க முறையில் பழகியவருக்கு மார்ச் 4.

இந்தக் கடிதங்களில் அடிக்கடி வரும் ஒரு சொல் ‘எக்ஸ்பயர்ட்’. தென்னாசியாவில் வைத்தியசாலை வட்டாரத்திலிருந்து வீட்டுக்கு வந்த வழக்கு. வெளியே உள்ள ஆங்கில வாசகருக்கு அது காலாவதி. வங்கியில் அட்டைதான் காலாவதியாகும். ‘எனது தந்தை காலாவதியானார், அவருடைய அட்டையும் காலாவதியானது’ என்ற பொருளில் ஒரு கடிதம் போனால் வாசிப்பவருக்கு என்ன தோன்றும் என்று யோசித்துப் பாருங்கள்.

‘டிமைஸ்’ என்பதைப் பெரிய சொல் என்று நினைத்துச் சேர்ப்பவர்களும் உண்டு. துக்கச் செய்தியில் அது கொஞ்சம் கனமாக ஒலிக்கும், அவ்வளவுதான். ஆனால் காணி, குத்தகை தொடர்பான ஆங்கிலக் கடிதத்தில் அதைத் தொடாதீர்கள். சட்ட ஆங்கிலத்தில் அதே சொல்லுக்குக் குத்தகைக்குக் கொடுத்தல் என்றும் பொருள் உண்டு. ஒரே பக்கத்தில் மரணமும் குத்தகையும் வந்தால் சட்டத்தரணிக்குத் தலையிடி. சட்டக் கடிதத்தில் இறந்தவரைத் திரும்பத் திரும்பச் சுட்ட ‘த டிசீஸ்ட்’ இருக்கிறது. உலர்ந்த சொல், ஆனால் ஐயமில்லாதது.

‘லேட்’ நம் ‘காலஞ்சென்ற’ என்பதற்குச் சரியான இணைதான். ஆனால் இரண்டு இடத்தில் வழுக்கும். ‘லேட் மிஸ்டர்’ என்று வெறுமனே தொடங்க முடியாது. முன்னால் ‘த’ அல்லது ‘மை’ வேண்டும். அடுத்தது, உயிரோடு இருந்தபோது செய்த செயலுக்கு அதைச் சேர்க்கக்கூடாது. 1998இல் உறுதியில் கையெழுத்து வைத்தவர் ‘காலஞ்சென்ற’ தந்தை அல்ல, உயிரோடிருந்த தந்தை. தமிழிலும் இது பிழைதான். ‘அமரர் அவர்கள் 1998இல் இக்காணியை வாங்கினார்’ என்பதைப் பழக்கத்தில் பொறுத்துக்கொள்கிறோம். ஆங்கிலச் சட்டக் கடிதத்தில் பொறுத்துக்கொள்ள வேண்டாம்.

வெளிநாட்டு உறவுகளுக்கும் பழைய மாணவர்களுக்கும் போகும் மின்னஞ்சலில் ‘பாஸ்ட் அவே’ அழகாகப் பொருந்தும். அங்கே ‘டைட்’ என்று எழுதினால் பிழையில்லை, ஆனால் மொட்டையாக நிற்கும். முதல் வாக்கியத்தில் மென்சொல், இரண்டாவது வாக்கியத்தில் திகதி, இடம், இறுதிக்கிரியை நேரம் என்று பிரித்துவிடுங்கள். நேரத்துக்குப் பக்கத்தில் இலங்கை நேரம் என்று சேர்த்தால் ஸூமில் பார்க்கப்போகிறவர்கள் வாழ்த்துவார்கள். ‘அமைதியாக’ என்ற பொருளில் ‘பீஸ்ஃபுலி’ சேர்ப்பது வழக்கம். அமைதியாகப் போயிருந்தால் மட்டும் சேருங்கள். கடைசி மூன்று நாளும் பக்கத்தில் இருந்த மகளும் அதை வாசிப்பார்.

சிவனடி சேர்ந்தார் என்பதை ஆங்கிலத்தில் ‘லோட்டஸ் ஃபீட்’ என்று எழுதும் வழக்கம் நம் புலம்பெயர்ந்தவர்களிடையே இருக்கிறது. நம்மவர் மட்டும் வாசிக்கும் மின்னஞ்சலில் இருக்கட்டும். மகன் தன் மேலாளருக்கு எழுதும்போது ‘எனது தந்தை புதன்கிழமை இறந்தார், இத்தனை நாள் விடுப்பு வேண்டும்’ என்ற இரண்டு செய்தி மட்டுமே போக வேண்டும். அங்கே ‘அப்பா எங்களை விட்டுப் போய்விட்டார்’ என்பதை அப்படியே ஆங்கிலமாக்கினால், குடும்பத்தைக் கைவிட்டுப் போன தகப்பன் என்றும் வாசிக்க முடியும்.

‘மறைந்தார்’, ‘இழந்தோம்’: வடக்கில் எழுதுபவர் கவனிக்க வேண்டியது

மற்றைய ஊர்களில் ‘மறைந்தார்’ என்பது ஒரு நல்ல, அழகான சொல். வடக்கில் அந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் இன்னொரு பொருள் நிற்கிறது. ‘1990இல் மறைந்த எனது அண்ணன்’ என்று ஒருவர் எழுதினால், அவர் இறந்தாரா, இல்லை அன்று போனவர் திரும்பவில்லையா? மொழிபெயர்ப்பாளர் இதைக் காணாமற்போனார் என்று ஆங்கிலமாக்கலாம், இறந்தார் என்றும் ஆக்கலாம். இரண்டும் தமிழில் நியாயமான வாசிப்பே.

குடிவரவு, அகதி விண்ணப்பங்களில் இதனால் வரும் சிக்கல் பெரிது. ‘அண்ணனை இழந்தோம்’ என்பது ‘லொஸ்ட்’ ஆகும். அடுத்த பக்கத்தில் அதே அண்ணன் ‘மிஸ்ஸிங்’ என்று இருக்கும். அதிகாரிக்கு இது இரண்டு கதை. விண்ணப்பதாரரோ ஒன்றைத்தான் சொல்லியிருப்பார். ஆகவே இப்படிப்பட்ட வாக்குமூலத்தில் மென்சொல் எதுவும் வேண்டாம். இறந்தது தெரிந்தால் ‘இறந்தார்’ அல்லது ‘கொல்லப்பட்டார்’, திகதியுடன். தெரியாவிட்டால் கடைசியாகக் கண்ட நாள், இடம், யார் கண்டது, அதன் பிறகு தகவல் இல்லை என்பது. இவ்வளவையும் எழுதுங்கள், முடிவை எழுதாதீர்கள்.

காணாமல் ஆக்கப்பட்டவரின் பெயருக்கு முன்னால் ‘அமரர்’, ‘காலஞ்சென்ற’ என்று எழுதுவது வெறும் சொற்பிழை அல்ல. வீட்டார் ஏற்காத ஒரு முடிவை நீங்கள் எழுதிவிடுகிறீர்கள். சட்டமும் இதைப் பிரித்தே வைத்திருக்கிறது. இறப்புப் பதிவு தொடர்பான 2010ஆம் ஆண்டுத் தற்காலிக ஏற்பாடுகள் சட்டத்துக்கு 2016இல் வந்த 16ஆம் இலக்கத் திருத்தத்தின்படி, காணாமற்போனவரின் உறவினர் இறப்புச் சான்றிதழுக்குப் பதிலாக அவர் காணப்படவில்லை என்று மட்டும் கூறும் சான்றிதழைப் பெறலாம். அதைக் கையில் வைத்திருக்கும் தாய்க்குக் கடிதம் எழுதிக்கொடுக்கும்போது, ‘இறந்த மகனின் வங்கிக் கணக்கு’ என்று எழுதினால் இணைப்பில் உள்ள சான்றிதழே உங்கள் வாக்கியத்தை மறுக்கும். ‘காணாமற்போனார்’ என்பதா ‘காணாமல் ஆக்கப்பட்டார்’ என்பதா என்ற தெரிவும் குடும்பத்துடையது. முதலாவதில் செய்தவர் இல்லை, இரண்டாவதில் இருக்கிறார். கேட்டுவிட்டு எழுதுங்கள்.

மரண அறிவித்தலின் உறவுப் பட்டியலிலும் இதே ஆள் வருவார். நம் ஆசிரியரின் தம்பி ஒருவர் 1996இலிருந்து இல்லை என்று வையுங்கள். ‘காலஞ்சென்றவர்களான’ என்ற பகுதியில் அவரைச் சேர்க்க முடியாது. இருப்பவர்களோடு பெயரை மட்டும் சேர்ப்பதா, ‘காணாமல் ஆக்கப்பட்ட’ என்ற அடையோடு தனியாக எழுதுவதா என்பதை அவருடைய மனைவியிடம் கேட்க வேண்டும், செத்தவீட்டுக்கு வந்த சித்தப்பாமாரிடம் அல்ல.

கல்வெட்டு

31ஆம் நாள் அந்தியேட்டியும் வீட்டுக்கிருத்தியமும் நடக்கும்போது கையில் கொடுக்கும் நினைவுப் புத்தகமான கல்வெட்டில் எந்த மென்சொல்லுக்கும் தடையில்லை. தேவாரம், திதி வெண்பா, புலம்பல் எல்லாம் அங்கே இருக்கலாம். சிவபதப்பேறு என்று அட்டையிலேயே போடலாம். ஆனால் பேரப்பிள்ளைகள் பின்னாளில் திகதி தேடிப் புரட்டப்போவதும் அந்தப் புத்தகத்தைத்தான். அட்டையின் உள்பக்கத்தில் பிறந்த திகதியையும் இறந்த திகதியையும் ‘தோற்றம்’, ‘மறைவு’ என்று போடுங்கள், கீழே திதியைத் தனி வரியில். அச்சகத்துக்குக் கொடுக்குமுன் முதல் நாள் எழுதிய அந்த வெற்றுத்தாளை எடுத்துப் பக்கத்தில் வைத்து, புதன்கிழமை 13ஆம் திகதி என்பது இரண்டிலும் ஒன்றாக இருக்கிறதா என்று இலக்கம் இலக்கமாகப் பாருங்கள்.